ஒரே பாட்டில் பதினாலு வருஷம்

டிஸ்கி: குறும்படம் எடுக்கிறவங்களுக்கும், எடுக்கப் போறேன்னு ரொம்ப நாளா சொல்லிக்கிட்டே இருக்கிறவங்களுக்கும் ஆன பதிவு. மத்தவங்களும் படிக்கலாம், காசா பணமா :-)

நம்ம ஊர் ரசிகனுக்கு மான்டாஜ் புதுசு இல்லை. 'அண்ணாமலை' (1992) படத்தில் பால்காரர் ஒரே பாட்டில் பணக்காரர் ஆகிறார். அதை எவ்வளவோ கிண்டல் அடிச்சாச்சு. ஆனா ஒண்ணு கவனிங்க. அந்தப் பாட்டைப் பார்த்து யாராவது குழம்பியிருக்காங்களா? "இவ்வளவும் ஒரே வாரத்துல நடந்துச்சா?"ன்னு தியேட்டரில் யாராவது கேட்டிருக்காங்களா? கிடையாது. நாம கிண்டல் பண்ணுவது நம்பும்படியா இல்லை என்பதைத்தான். புரியலைன்னு யாரும் சொன்னதில்லை. குறும்படங்களில் நிலைமை தலைகீழ். எல்லாம் நம்பும்படியாத்தான் இருக்கும், எவ்வளவு காலம் போச்சுன்னு மட்டும் புரியாது.

போன வருஷம் நண்பன் ஒருத்தன் பன்னிரண்டு நிமிஷத்தில் ஒரு படம் எடுத்தான். வாடகை சைக்கிள் கடை வச்சிருக்கிற அப்பாவின் கதை. கிட்டத்தட்ட அவனோட சொந்தக் கதைதான். 1990-ல் ஒன்பது வயசுப் பையன், மட்கார்டில் 7-ன்னு பெயின்ட்டில் எழுதின சைக்கிளை எடுக்கிறான். பெத்த பிள்ளையா இருந்தாலும் அப்பா நோட்டில் 'எடுத்த நேரம்' எழுதுறார். 2004-ல் கடையை மூடுற நாளில் அந்தப் பழைய நோட்டைப் புரட்டிப் பார்க்கிறார். 'விட்ட நேரம்' என்ற கட்டம் காலியா இருக்கு. பேனாவை எடுத்து அன்றைய நேரத்தை எழுதுறார். படம் முடிஞ்சது.

எனக்கு ரொம்பப் பிடிச்ச முடிவு. ஆனா நடுவில் பதினாலு வருஷம் போனது பார்க்கிறவங்களுக்கு உறைக்கலைன்னா அந்த முடிவுக்கு ஒரு அர்த்தமும் இல்லை. யாரோ சைக்கிளை லேட்டா விட்டுட்டாங்க போலன்னு நினைச்சுட்டு எழுந்து போயிடுவாங்க.

முதல் கட்டில் அந்தப் பதினாலு வருஷத்துக்கு அவன் வச்சிருந்தது ஐம்பது செகண்ட், பதினேழு ஷாட். சூரியன் உதிக்குது, மேகம் வேகமா ஓடுது, சுவர்க்கடிகாரம் சுத்துது, காத்தடிக்கிற பம்ப், மழை, பையன் முகம், சக்கரம், பஞ்சர் பார்க்கிற தண்ணித் தொட்டி, இன்னொரு பையன் முகம்... ஒவ்வொரு ஷாட்டும் பார்க்க அழகா இருந்துச்சு. அவங்க வீட்டில் டிவியில் போட்டுக் காட்டினோம். முடிஞ்சதும் அவனோட அத்தை கேட்டாங்க: "ஏம்ப்பா, அந்தக் கடைக்காரருக்கு மூணு புள்ளைங்களா?"

நண்பன் முகம் செத்துப்போச்சு. ஆனா அந்த ஒரு கேள்வியில் முழு வைத்தியமும் இருந்துச்சு. அன்னிக்கு ராத்திரி உட்கார்ந்து ஒவ்வொரு ஷாட்டா பிரிச்சுப் பார்த்தோம்.

முதல் சிக்கல், எதுவுமே ரெண்டு தடவை வரலை. பதினேழு ஷாட்டும் பதினேழு கோணம். மாற்றம் தெரியணும்னா மாறாதது ஒண்ணு வேணும். எலும்பும் தோலுமா இருந்தவர் தொப்பை போட்டிருக்கார்னு சொல்ல, முன்னாடி அவரைப் பார்த்திருக்கணும் இல்லையா? அது மாதிரிதான். ஒரே ஃப்ரேம் திரும்பத் திரும்ப வரணும். அப்போதான் பார்க்கிறவன் தானாகவே போன தடவையோடு ஒப்பிட்டுப் பார்ப்பான்.

இதுக்கு வாத்தியார் 'சிட்டிசன் கேன்' (1941). ஆர்சன் வெல்ஸ் ஒரு கல்யாண வாழ்க்கை கசந்துபோன கதையை, காலைச் சாப்பாட்டு மேசையை மட்டும் வச்சு ரெண்டு நிமிஷத்துக்குச் சொச்சத்தில் சொல்லிடுவார். அதே புருஷன், அதே பொண்டாட்டி, அதே மேசை. உடை மாறுது, பேச்சின் தொனி மாறுது. ஒவ்வொரு துண்டுக்கும் நடுவில் கேமரா சரட்டுன்னு பக்கவாட்டில் திரும்பும். ரெண்டாவது தடவை அது திரும்பும்போதே 'ஓ, இன்னும் கொஞ்ச காலம் போயிடுச்சு'ன்னு நமக்குப் பழகிடும். கடைசியில் அந்தம்மா புருஷனோட பத்திரிகையை விட்டுட்டு போட்டிப் பத்திரிகையைப் படிச்சிட்டு இருப்பாங்க. ஒரு வார்த்தை பேச்சு கிடையாது, கதை முடிஞ்சது.

ரெண்டாவது சிக்கல், மாறுகிற பொருளா அவன் எடுத்துக்கிட்டதெல்லாம் திரும்பி வருகிற பொருள். சூரியன் தினமும் உதிக்கும். கடிகாரம் பன்னிரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை அதே இடத்துக்கு வந்திடும். மழை ஒவ்வொரு ஐப்பசியும் பெய்யும். இதெல்லாம் நாள் போச்சுன்னு சொல்லும், வருஷம் போச்சுன்னு சொல்லாது. வருஷத்தைச் சொல்லணும்னா ஒரே திசையில் மட்டும் போகிற மாற்றம் வேணும், திரும்ப முடியாத மாற்றம். சைக்கிள் கடையில் அது கண் முன்னாடியே இருந்துச்சு. வரிசையில் நிக்கிற சைக்கிள்களின் எண்ணிக்கை! எட்டு, ஆறு, நாலு, ரெண்டு, ஒண்ணு. நடுவில் கடை வாசலில் ஒரு மொபெட் வந்து நிக்குது. வசனமே வேண்டாம், காலம் போனதும் தெரியும், தொழில் போனதும் தெரியும்.

மூணாவதுதான் அத்தை சொன்னது. பையனா நடிச்சவங்க மூணு பேர். ஒன்பது வயசுக்கு ஒருத்தன், பதினாலுக்கு ஒருத்தன், அதுக்கு மேல ஒருத்தன். மூணு முகத்தையும் அடுத்தடுத்துக் காட்டினா மூணு ஆள்னுதான் யாரும் நினைப்பாங்க. அதில் அத்தை மேல தப்பே இல்லை. முகத்தை வச்சு ஆளை மாத்தக் கூடாது. ஒரு பொருளையோ செயலையோ பிடிச்சுக்கிட்டு மாத்தணும். 'அப்' (2009) படத்தில் மனைவி கணவனுக்கு டை கட்டிவிடும் ஷாட்கள் வரிசையா வருமே, டை மட்டும் மாறிக்கிட்டே இருக்கும், வயசு ஓடிடும். அது இந்த வித்தைதான்.

எங்களுக்கு டைக்குப் பதிலா குரங்கு பெடல். உயரம் பத்தாத பையன் பாருக்குக் கீழே காலை விட்டு மிதிக்கிறது. அதை விட நல்ல வயசு அளவுகோல் நம்ம ஊரில் உண்டா? முதல் ஷாட்டில் பாருக்குக் கீழே நுழைஞ்ச சின்னக் கால் பெடலை அழுத்துது. பெடல் கீழே போகும்போதே வெட்டி, அதே சைக்கிள், அதே கோணம், இப்போ சீட்டில் உட்கார்ந்து நுனிக்காலால் எட்டி மிதிக்கிற கால். அப்புறம் பேன்ட் போட்ட கால், பாதம் முழுசா பெடலில் பதியுது. மூணிலும் மட்கார்டில் அந்த 7 தெரியணும்னு முடிவு பண்ணினோம். முகம் அதுக்கப்புறம்தான். கால் அதே பையனோடதுன்னு மனசு ஏத்துக்கிட்டா, முகம் மாறினாலும் சண்டை போடாது.

மறுபடி ஷூட் பண்ணினதில் மொத்தம் எட்டு ஷாட், நாற்பது செகண்ட். கடை வாசல் வைட் ஷாட் அஞ்சு, கால் ஷாட் மூணு. முதல் வைட் ஷாட்டுக்கு எட்டு செகண்ட் கொடுத்தோம். எத்தனை சைக்கிள், போர்டு எங்கே, அப்பா எங்கே நிக்கிறார்னு பார்க்கிறவன் மனப்பாடம் பண்ண நேரம் வேணும். உடனே ரெண்டு கால் ஷாட், மூணும் ரெண்டுமா அஞ்சு செகண்ட். முதல் தாவலே அஞ்சு வருஷத் தாவலா இருக்கட்டும்னு வேணும்னே வச்சோம். முதல் வெட்டுதான் அளவுகோலைச் சொல்லிக் கொடுக்குது. அது மறுநாளா இருந்தா, அடுத்து வருவதையெல்லாம் நாளாத்தான் எண்ணுவாங்க. அதுக்கப்புறம் ஆறு சைக்கிளோட அஞ்சு செகண்ட், மொபெட்டோட நாலு, பேன்ட் கால் நாலு, ரெண்டு சைக்கிளோட நாலு. கடைசி வைட் ஷாட்டுக்குப் பத்து. ஒத்தை சைக்கிள், பக்கத்தில் வாலிபனா நிக்கிற மகன்.

அப்பாவுக்குத் தலையில் பவுடர் போட்டு நரைக்க வைக்கிற வேலையெல்லாம் பண்ணலை, பக்கத்தில் பார்த்தா பல்லைக் காட்டிடும். முதலில் நிக்கிறார், அப்புறம் ஸ்டூலில் உட்கார்றார், அப்புறம் மூக்குக்கண்ணாடி. அவ்வளவுதான்.

இதில் யாரும் சொல்லித்தராத ஒரு விஷயம் இருக்கு, நிழல். அஞ்சு வைட் ஷாட்டையும் காலையில் ஆரம்பிச்சு சாயங்காலம் வரை வரிசையா எடுத்தா என்ன ஆகும்? முதல் ஷாட்டில் கடை நிழல் ஒரு பக்கம், கடைசி ஷாட்டில் மறுபக்கம். பார்க்கிறவன் கண்ணு அதைப் பிடிச்சிடும், 'ஒரு பகல் போச்சு'ன்னு கணக்குப் போட்டிடும். அதனால ரெண்டு நாள் காலை, ஏழரையிலிருந்து ஒன்பதரைக்குள் மட்டும் எடுத்தோம். ட்ரைபாட் கால் நின்ற இடத்தில் தரையில் டேப் ஒட்டி, லென்ஸ் உயரத்தைக் குறிச்சு வச்சோம். ஷூட் வரிசையும் கதை வரிசைதான். போர்டில் அழுக்கு ஏத்துறது சுலபம், இறக்குறது கஷ்டம். எடிட்டிங்கில் ஒரு ஷாட் மேல அடுத்த ஷாட்டைப் பாதி வெளிச்சமா போட்டு, போர்டும் வாசப்படியும் ஒண்ணு மேல ஒண்ணு உட்காருதான்னு சரிபார்த்தோம்.

ஒலியும் பாதி வேலை பண்ணுது. ஒரே இசைத் துண்டு முதல் வைட் ஷாட்டில் ஆரம்பிச்சு, கடைசி வைட் ஷாட் வந்த ரெண்டாவது செகண்டில் நின்னுடும். இசை ஓடுற வரைக்கும் எல்லாம் ஒரே கட்டு, நின்னதும் தெருச் சத்தம் உள்ளே வருது. 'இனி நடப்பது இப்போது'ன்னு காது சொல்லிடும். முதல் ஷாட்டில் சைக்கிள் பெல், கடைசியில் மோட்டார் சத்தம். வெட்டெல்லாம் நேர் வெட்டு. டிசால்வ் போடலாமேன்னு நண்பன் கேட்டான். ஆனா படத்தில் முன்னாடியே அப்பா காணும் கனவுக்கு டிசால்வ் போட்டிருந்தான். ஒரே குறியீடு ஒரு படத்தில் ரெண்டு அர்த்தம் சொன்னா, இதுவும் கனவோன்னு சந்தேகம் வரும்.

"பேசாம '14 வருடங்களுக்குப் பிறகு'ன்னு கார்டு போட்டுடலாமே மச்சி"ன்னும் கேட்டான். தப்பே இல்லை. நடுவில் என்ன நடந்ததுங்கறது கதைக்கு வேண்டாம்னா மூணு செகண்ட் கார்டுதான் உத்தமம், மான்டாஜ் தண்டச் செலவு. இந்தக் கதைக்கு சைக்கிள் ஒவ்வொண்ணா போனதுதானே கதை? அதனால மான்டாஜ். அதே நேரம் மான்டாஜுக்கும் ஒரு எல்லை உண்டு. நிறைய காலம் போச்சுன்னு சொல்லும், சரியா பதினாலுன்னு சொல்லாது. எண் வேணும்னா அதை வேற இடத்தில் வைக்கணும். நாங்க நோட்டில் வச்சோம், பழைய பக்கத்தின் தலைப்பில் தேதியும் வருஷமும்.

கடைசியா சோதனை. கதை தெரியாத நாலு பேருக்குப் போட்டுக் காட்டுங்க. "புரிஞ்சுதா?"ன்னு கேட்காதீங்க, நம்ம ஆளுங்க மரியாதைக்கு "புரிஞ்சுது"ன்னுதான் சொல்வாங்க. நோட்டு ஷாட் வர்றதுக்கு முன்னாடி நிறுத்திட்டு, "எத்தனை வருஷம் போயிருக்கும்?"னு கேளுங்க. "அந்தப் பையன் யாரு?"ன்னு கேளுங்க. எங்களுக்குப் பத்து, பன்னிரண்டு, பதினஞ்சு, "பையன் பெரியாளாகிற வரைக்கும்"னு நாலு பதில் வந்துச்சு. எல்லாமே பாஸ் மார்க்தான். ரெண்டு பதிலுக்கு நடுவில் நாளும் வருஷமும்னு வித்தியாசம் வந்தா மட்டும்தான் திரும்ப எடிட்டிங் டேபிளுக்குப் போகணும்.

படத்தை நண்பனோட அப்பாவும் பார்த்தார். ரெண்டு சைக்கிள் நிக்கிற ஷாட் வந்தப்போ, "அப்பவே மூடியிருக்கணும்டா, நாந்தான் கேக்கலை"ன்னு சொல்லிட்டு, நோட்டு ஷாட் முடியற வரைக்கும் வேற எதுவும் பேசலை.