சிவப்பழகு என்று எழுதியவள்

கடந்த தீபாவளிக்கு அக்கா வீட்டில் திறந்த இல்ல உபசரிப்பு. வந்தவர்கள் எல்லாரும் அக்கா மகளைப் பார்த்து ஒரே வார்த்தையைச் சொன்னார்கள். "அட, பொண்ணுக்குக் கலரு கூடிடுச்சே!" அவளுக்கு 16 வயது. அவள் தேர்வில் எடுத்த மதிப்பெண்ணைப் பற்றி யாரும் கேட்கவில்லை. அவளும் வெட்கத்தோடு சிரித்துக்கொண்டு முறுக்குத் தட்டை நீட்டிக்கொண்டிருந்தாள்.

சமையலறை விளக்கின் கீழ் அருகில் பார்த்தபோதுதான் எனக்குத் திக்கென்றது. முகம் வெளுத்திருந்தது, கழுத்தும் காதும் பழைய நிறத்திலேயே இருந்தன. கன்னத்தில் சிவப்பு நூல் ஒட்டியதுபோல் மெல்லிய நரம்புகள் தெரிந்தன. "வெயில்ல போனா எரியுதா?" என்று கேட்டேன். "உங்களுக்கு எப்படிச் சித்தி தெரியும்?" என்றாள்.

அறைக்குள் போய் ஒரு சின்ன டப்பாவைக் கொண்டுவந்து காட்டினாள். இணையத்தில் 25 வெள்ளிக்கு வாங்கியதாம். மூடியில் ஒரு பூப் படம் மட்டும் இருந்தது. என்ன சேர்த்திருக்கிறார்கள், யார் தயாரித்தார்கள் என்று ஒரு வரிகூட இல்லை. மூன்று மாதமாக இரவில் பூசுகிறாள். "முதல் வாரமே நிறம் மாறிடுச்சு சித்தி. டிவியில வர்ற கிரீம் ஒரு வருஷம் போட்டும் ஒண்ணும் ஆகல."

அந்தக் கடைசி வாக்கியம் என்னை உறுத்திக்கொண்டே இருக்கிறது. டிவியில் வரும் கிரீமுக்கு ஒரு காலத்தில் தமிழ் வசனம் எழுதியவர்களில் நானும் ஒருத்தி.

2009இல் பெட்டாலிங் ஜெயாவில் ஒரு சிறிய விளம்பர நிறுவனத்தில் வேலை செய்தேன். ஆங்கிலத்தில் வரும் விளம்பரங்களைத் தமிழுக்கு மாற்றுவதுதான் என் வேலை. ஒரு முகப்பூச்சுக்கான 30 வினாடி விளம்பரம் வந்தது. அதன் அமைப்பு எல்லாருக்கும் பழக்கமானதுதான். முதல் எட்டு வினாடி, திரைச்சீலை மூடிய அறையில் ஒரு பெண் தலைகுனிந்து உட்கார்ந்திருப்பாள். நேர்முகத் தேர்வில் தோற்றுவிட்டாள். அப்பா பெருமூச்சு விடுவார். அடுத்து, ஆய்வுக்கூடம் போன்ற இடத்தில் வெள்ளைத் துளிகள் விழும். மீதி நேரம் முழுக்க வெளிச்சம். அவள் நிமிர்ந்து நடப்பாள், வேலை கிடைக்கும், அப்பா சிரிப்பார்.

ஆங்கில வசனத்தில் 'பிரகாசமான சருமம்' என்ற பொருளில்தான் எழுதியிருந்தார்கள். வெள்ளை, கறுப்பு என்ற சொற்களே அதில் இல்லை. நான் அதைத் தமிழில் 'சிவப்பழகு' என்று மாற்றினேன். "நம் வீட்டு அம்மாக்களுக்கு இது புரியுமா?" என்று வாடிக்கையாளர் தரப்பில் கேட்டார்கள். "நல்லாவே புரியும். குழந்தை பிறந்தவுடன் சிவப்பா, கறுப்பா என்றுதான் முதலில் கேட்பார்கள்" என்றேன். எல்லாரும் சிரித்தோம். வசனம் ஒப்புதலாகியது. அதற்காக எனக்குத் தனியாக 350 வெள்ளி கிடைத்தது.

அந்த வருடம்தான் அக்கா மகள் பிறந்தாள். மருத்துவமனைக் கட்டிலைச் சுற்றி நின்ற உறவினர்கள் அதையேதான் கேட்டார்கள். "அம்மா சிவப்பு, புள்ளதான் கொஞ்சம் மட்டு." அந்தச் சொல்லை அங்கிருந்து எடுத்துத்தான் நான் விளம்பரத்தில் வைத்தேன்.

"இது எங்கள் குற்றமா? சமூகத்தில் இருப்பதைத்தானே காட்டுகிறோம்" என்று விளம்பரத் துறையில் சொல்வார்கள். நானும் பல வருடம் அப்படித்தான் சொல்லிக்கொண்டேன். அதில் பாதி உண்மை இருக்கிறது. நிற வேற்றுமையை எந்த நிறுவனமும் கண்டுபிடிக்கவில்லை. கிரீம் வருவதற்கு முன்பே பெண் பார்க்கப் போனவர்கள் நிறம் பார்த்தார்கள்.

ஆனால் கிழவி சொன்ன சொல்லுக்கும் விளம்பரம் சொன்ன சொல்லுக்கும் ஒரு வித்தியாசம் உண்டு. பாட்டி "கறுப்பு" என்று சொன்னால் அது பாட்டியின் வாய்த்துடுக்கு, திருப்பிக் கேட்கலாம். விளம்பரத்தில் அப்படிச் சொல்லும் பாட்டியே வருவதில்லை. நேர்முகத் தேர்வில் அவளை ஒதுக்கியவரைப் பற்றி யாரும் ஒரு கேள்வி கேட்பதில்லை. அவர் செய்தது சரி, திருத்திக்கொள்ள வேண்டியது அவள் முகம் என்றுதான் கதை முடிகிறது. ஒதுக்கியவரின் தவறு அந்த 30 வினாடியில் ஒதுக்கப்பட்டவளின் குறையாக மாறிவிடுகிறது. குறை என்று ஆனபின் அதற்கு விலை வைத்து விற்கலாம்.

இந்தியாவில் விளம்பரத் துறையின் சுயக்கட்டுப்பாட்டு அமைப்பான ஏ.எஸ்.சி.ஐ. 2014இல் இதற்கென்றே விதிமுறை கொண்டுவந்தது. கறுத்த நிறமுள்ளவர்களை அழகற்றவர்களாகவோ சோகமானவர்களாகவோ காட்டக் கூடாது, நிறத்தால் வேலையிலும் திருமணத்திலும் பின்தங்குவதாகக் காட்டக் கூடாது, பூசுவதற்கு முன் காட்டும் முகத்தில்கூட வருத்தம் இருக்கக் கூடாது என்பது அதன் சாரம். அதைப் படித்தபோது நான் எழுதிய வசனத்துக்கு யாரோ சிவப்பு மையால் திருத்தம் போட்டதுபோல் இருந்தது. என் முதல் எட்டு வினாடியில் எதுவுமே மிஞ்சவில்லை.

நம் நாட்டிலும் ஒரு சம்பவம் நடந்தது. 2017 நோன்பு மாதத்தில் வாட்சன்ஸ் மலேசியா ஒரு ஹரிராயா காணொலி வெளியிட்டது. இனிய குரலுக்குச் சொந்தக்காரியைத் தேடிப் போகும் பணக்காரர் அவளுடைய கறுத்த முகத்தைப் பார்த்து மிரள்கிறார். பின்னர் அவள் வெளுத்த முகத்தோடு வந்ததும் கதை சுபமாகிறது. அந்தப் பெண்ணுக்குக் கறுப்புச் சாயம் பூசித்தான் நடிக்க வைத்திருந்தார்கள். மக்கள் கொதித்தார்கள். நிறுவனம் மன்னிப்புக் கேட்டு அதை மீட்டுக்கொண்டது. நானும் கண்டித்து நாலு வரி எழுதினேன். எழுதி முடித்த பிறகுதான் 2009 ஞாபகம் வந்தது.

2020இல் இன்னொரு மாற்றம் வந்தது. 1975இல் இந்தியாவில் விற்பனைக்கு வந்த ஃபேர் அண்ட் லவ்லி, அமெரிக்காவில் எழுந்த கறுப்பினத்தவர் போராட்ட அலைக்குப் பின் குளோ அண்ட் லவ்லி ஆனது. ஜான்சன் அண்ட் ஜான்சன் தன் நிறமேற்றும் வரிசைகள் சிலவற்றின் விற்பனையையே நிறுத்தியது. ஒன்று பெயரை விட்டது, மற்றது பொருளையே விட்டது. இரண்டையும் ஒன்றாக எண்ண முடியாது. சொல்லை மாற்றுவது எவ்வளவு சுலபம் என்று வசனம் எழுதியவளுக்குத் தெரியும். 'சிவப்பழகு' இருந்த இடத்தில் 'பொலிவு' என்று போட்டால் போதும். 'சிவப்பழகு' என்று முப்பது, நாற்பது வருடம் கேட்ட காது, 'பொலிவு' என்றாலும் அதே பொருளைத்தான் எடுத்துக்கொள்ளும்.

அக்கா மகளைச் சிகிச்சையகத்துக்கு அழைத்துப் போனேன். டாக்டர் டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். முகத்தைப் பார்த்தவுடனே ஸ்டீராய்டாக இருக்கலாம் என்றார். தோல் மெலிந்து நரம்பு தெரிவது அதன் அடையாளம். இப்படிப் பெயரில்லாத டப்பாக்களில் பாதரசமும் இருக்கக்கூடும், அது தோல் வழியாக உள்ளே போய்ச் சிறுநீரகத்தைப் பாதிக்கும் என்பதால் சிறுநீர்ப் பரிசோதனை எழுதினார். நல்ல வேளையாக அதில் ஒன்றும் இல்லை.

பிறகு அவளுக்குப் புரியும்படி சொன்னார். தோலின் கீழடுக்கில் மெலனின் என்ற நிறமி உருவாகி, சிறு பொதிகளாக மேலடுக்குக்குப் போகிறது. சட்டப்படி விற்கும் பல கிரீம்களில் நியாசினமைட் என்ற வைட்டமின் பி3 வகை இருக்கும். அந்தப் பொதிகள் மேலே போவதை அது சற்றுக் குறைக்கும். பல வாரம் பூசினால் கரும்புள்ளிகள் கொஞ்சம் மங்கலாம், நிறுத்தினால் மெல்லப் பழையபடி ஆகிவிடும். "பிறக்கும்போது வந்த நிறத்தை அது மாற்றாது. ஒரே வாரத்தில் மாற்றுகிறது என்றால், உள்ளே இருக்கக் கூடாத ஏதோ இருக்கிறது என்று அர்த்தம்."

அங்கேதான் எனக்கு விஷயம் விளங்கியது. விளம்பரம் காட்டிய மாற்றத்தை அந்த விளம்பரத்தின் கிரீம் ஒருபோதும் தர முடியாது. ஆனால் ஆசை உண்டாகிவிட்டது. ஒரு வருடம் காத்திருந்து ஏமாந்த பிள்ளை, அந்த ஆசையை நிறைவேற்றித் தருகிறவனைத் தேடிப் போகிறாள். பசார் மாலாமிலும் இணையத்திலும் அவன் தயாராக இருக்கிறான். அவனுக்கு விளம்பரச் செலவே இல்லை, அதை நாங்கள் ஏற்கெனவே செய்துவிட்டோம்.

சுகாதார அமைச்சின் கீழுள்ள என்.பி.ஆர்.ஏ. பாதரசம், ஸ்டீராய்டு கலந்த பொருள்களின் பெயர்களை அவ்வப்போது வெளியிட்டுத் தடை செய்கிறது. இங்கு விற்கும் அழகுப் பொருளுக்கு NOT என்று தொடங்கி K என்று முடியும் அறிவிப்பு எண் இருக்க வேண்டும், அதை என்.பி.ஆர்.ஏ. இணையத்தளத்தில் தேடிப் பார்க்கலாம். ஆனால் அது நிறுவனமே தகவல் கொடுத்துப் பெறும் எண். அரசாங்கம் ஒவ்வொரு டப்பாவையும் சோதித்துக் கொடுத்த சான்றிதழ் அல்ல. அதோடு, அந்த எண் டப்பாவுக்குள் இருப்பதைப் பற்றியது. விளம்பரத்தின் முதல் எட்டு வினாடியில் இருப்பதற்கு எந்த எண்ணும் கிடையாது. அதை எழுதுகிறவர்தான் நிறுத்த வேண்டும்.

படப்பிடிப்பில் யாரைக் கேட்டாலும் அடுத்தவரைக் கைகாட்டினோம். இயக்குநர் வாடிக்கையாளரைக் காட்டினார், வாடிக்கையாளர் சந்தையைக் காட்டினார், நான் ஆங்கில மூலத்தைக் காட்டினேன். ஆங்கில மூலத்தில் 'சிவப்பழகு' இல்லை. அந்த ஒரு சொல் முழுக்க முழுக்க என்னுடையது. மற்றவர்களின் பங்கை அவர்கள் கணக்குப் பார்க்கட்டும், என் பங்கு இதுதான்.

கிரீமை நிறுத்தியதும் அவள் முகம் முன்னைவிட மோசமானது. சிவந்து, எரிந்து, பருக்களாக வெடித்தது. அப்படித்தான் ஆகும் என்று டாக்டர் முன்பே எச்சரித்திருந்தார். அந்த வாரங்களில் பள்ளி முடிந்ததும் அவள் என் வீட்டுக்கு வந்துவிடுவாள். ஒரு நாள் அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். வசனம், 350 வெள்ளி, அவள் பிறந்த அன்று கேட்ட சொல், எதையும் மறைக்கவில்லை.

அவள் கோபப்படுவாள் என்று நினைத்தேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "சித்தி, அந்த விளம்பரத்துல நடிச்ச அக்கா முதல்ல நெஜமாவே கறுப்பா இருந்தாங்களா?" என்று கேட்டாள்.

"இல்லம்மா. அவங்க நல்ல சிவப்பு. முதல் காட்சிக்காக மேக்கப் போட்டுக் கறுப்பாக்கினாங்க. விளக்கையும் குறைச்சுட்டாங்க."

"அப்ப கடைசி காட்சிக்கு?"

"மேக்கப்பைக் கழுவிட்டு வந்தாங்க."

"கிரீமே போடலையா?"

"போடல."

அவள் கன்னத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். பிறகு, "இத அம்மாகிட்டயும் சொல்லுங்க சித்தி. அவங்கதான் முதல் டியூப் வாங்கிக் கொடுத்தாங்க" என்றாள்.