இடுப்பு என்றால் எது?



பிரம்மதேசத்திலிருந்து புதுச்சேரிக்கு நோயாளிகளை அழைத்துச் செல்வது, கணவன் மனைவியாகிய நாங்கள் திட்டமிட்டு மேற்கொண்ட பணி அன்று. உறவினர் ஒருவருக்காக ஒருமுறை சென்றோம். அங்குள்ள பெரிய மருத்துவமனைகளில் வட மாநிலங்களிலிருந்து வந்து பயிலும் இளம் மருத்துவர்கள் பலர். அவர்களுள் சிலருக்கு ஒரு சில தமிழ்ச் சொற்களுக்கு மேல் தெரியாது. நாங்கள் இருவரும் ஓரளவு ஆங்கிலம் கற்றவர்கள் என்பதால், அருகில் நின்றவர்களும் எங்களை அழைத்தார்கள். பிறகு அக்கம்பக்கத்து ஊர்களிலிருந்தும் ஆட்கள் வீட்டு வாசலுக்கு வரலானார்கள். ஒருவர் தம் உடலைப் பற்றிக் கூறுவதை மற்றொருவரிடம் சேர்ப்பது ஓர் அமானிதம் என்பதை அறிந்தே ஒப்புக்கொண்டோம். ஆனால் அதை எத்தனை எளிதாகச் சிதைத்துவிட முடியும் என்பதை அப்போது அறியவில்லை.

மரக்காணம் உப்பளத்தில் வேலை செய்யும் ஒரு பெண்மணி. வயது ஐம்பதை ஒட்டியிருக்கும். "பாய், ரெண்டு நாளா இடுப்பு வலி உயிர் போவுது" என்று வந்தார். மருத்துவர் வினவியபோது, எங்களில் ஆண்மகனே முன்னின்று பேசினார். 'இடுப்பு' என்பதை, பள்ளி அகராதி கற்பித்தபடி 'ஹிப்' என்று மொழிபெயர்த்தார். வலி வேறெங்கும் பரவுகிறதா என்று மருத்துவர் கேட்டார். அந்த அம்மா தலையைக் குனிந்துகொண்டு, "கீழ எறங்குது" என்றார். அதை 'காலுக்கு இறங்குகிறது' என்று நாங்களாகவே முடிவுசெய்து கூறிவிட்டோம்.

மருத்துவருக்கு 'ஹிப்' என்பது தொடை எலும்பின் பந்து போன்ற தலை இடுப்பெலும்பின் குழிக்குள் பொருந்தும் மூட்டு மட்டுமே. ஆகவே அவர் காலை மடக்கித் திருப்பிப் பார்த்தார். வலி கூடவில்லை. ஐயம் தீர எக்ஸ்-ரே எடுக்கச் சொன்னார். எலும்பில் குறையேதும் இல்லை. வலி மாத்திரைகளுடன் வீடு திரும்பினோம். அவர் கேட்டவை சரியான கேள்விகள், செய்தவை சரியான சோதனைகள். நாங்கள் சுட்டிய இடந்தான் தவறு.

தமிழ்ப் பேச்சில் 'இடுப்பு' ஓர் உறுப்பன்று, ஒரு வட்டாரம். குழந்தையைத் தூக்கி வைத்துக்கொள்ளும் பக்கவாட்டு வளைவும் இடுப்பு, சேலை செருகும் இடமும் இடுப்பு, குனிந்து வேலை செய்தால் பிடித்துக்கொள்ளும் கீழ்முதுகும் இடுப்பு. பேறுகாலத்தில் 'இடுப்பு வலி' என்றால் பிரசவ வேதனை. ஆங்கில மருத்துவமோ இவ்வட்டாரத்தைத் துண்டுதுண்டாக்கித் தனித்தனிப் பெயர் சூட்டியிருக்கிறது. கடைசி விலா எலும்புக்குக் கீழே பக்கவாட்டில் உள்ளது 'ஃப்ளாங்க்'; முதுகின் அடிப்பகுதி 'லோயர் பேக்'; மூட்டு 'ஹிப்'. ஒரு சொல்லுக்கு ஒரு சொல் என்று மாற்றினால் மூன்றில் ஒன்றை நோயாளியின் சார்பில் நாமே தேர்ந்தெடுத்துவிடுகிறோம். அதற்கான தகுதி நமக்கில்லை.

மூன்றாம் நாள் இரவு அவருக்கு வலியோடு வாந்தியும் வந்தது. மறுநாள் காலையில் மீண்டும் சென்றோம். இம்முறை எங்களில் பெண்மணியே உள்ளே சென்றார். பெயரைக் கேட்கவில்லை. "அக்கா, ஒரே ஒரு விரலால வலி தொடங்குற எடத்தைத் தொட்டுக் காட்டுங்க. அப்புறம் அது போற வழியா விரலை இழுத்துட்டுப் போங்க" என்றார். விரல் முதுகின் இடப்புறம், கடைசி விலாவுக்குச் சற்றுக் கீழே நின்றது. பக்கவாட்டில் வளைந்து, அடிவயிற்றின் ஓரமாக இறங்கி, தொடையிடுக்கில் முடிந்தது. "இந்தக் கவட்டி வரைக்கும் வருதும்மா. அன்னைக்கு அவரை வச்சிக்கிட்டு எப்படிச் சொல்றது?" என்றார் அந்த அம்மா.

எந்தப் பெயரையும் மொழிபெயர்க்காமல், விரல் சென்ற வழியை மட்டும் ஆங்கிலத்தில் விவரித்தோம். வலி விட்டுவிட்டு அலையாக வருகிறது, எப்படிப் படுத்தாலும் அடங்குவதில்லை என்பதையும் சேர்த்தோம். மருத்துவர் உடனே சிறுநீர்ப் பரிசோதனைக்கும் ஸ்கேனுக்கும் எழுதினார். இடப்புறச் சிறுநீர்க்குழாயில் ஏறத்தாழ 5 மில்லிமீட்டர் அளவில் ஒரு கல் இருந்தது.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். முதல் நாளிலேயே 'கவட்டி வரை வலிக்கிறது' என்று தெரிந்திருந்தாலும், 'ஹிப்' என்ற எங்கள் சொல் அதையும் கெடுத்திருக்கக்கூடும். ஏனெனில் இடுப்பு மூட்டு நோயின் வலியும் பெரும்பாலும் தொடையிடுக்கில்தான் தெரியும். தவறான சொல்லுக்குச் சரியான சான்று துணை நின்றுவிடும்.

அதன்பின் எதிர்த்திசை வேலை தொடங்கியது. மருத்துவர் கூறுவதைத் தமிழாக்க வேண்டும். 'சிறுநீரகத்திலிருந்து சிறுநீர்ப்பைக்குச் செல்லும் குழாயில் கல்' என்று பாடநூல் தமிழில் பிழையின்றிச் சொன்னோம். அந்த அம்மாவின் காதில் 'சிறுநீர்' என்பது மட்டுமே விழுந்தது. "ஒண்ணுக்குப் போற எடத்துலயா கல்லு? எனக்கு வலி முதுகுலயில்ல இருக்குது?" என்று கேட்டார். நியாயமான வினா. 'கிட்னி' என்று மாற்றியதும் முகம் வெளுத்தது. அவருடைய தெருவில் 'கிட்னி' என்ற சொல் 'கிட்னி போய்விட்டது' என்ற வாக்கியத்தில் மட்டுமே வழங்குகிறது போலும்.

எங்களுக்குக் கைகொடுத்தது குர்பானி. ஆட்டை உரித்துப் பங்கிடும் வீட்டில் வளர்ந்த எவருக்கும் உள்ளுறுப்புகள் அந்நியமல்ல. ஈரல் தெரியும். மண்ணீரலைப் பாடநூலில் படிப்பதற்கு முன்பே சுவரொட்டியாகத் தெரியும். சிறுநீரகமும் அவ்வாறே: முதுகெலும்பின் இருபுறமும் கொழுப்புக்குள் புதைந்திருக்கும் குண்டிக்காய். இறைச்சி வாங்கிச் சமைக்கும் எல்லா வீடுகளுக்கும் இச்சொற்கள் பொது. "அக்கா, ஆட்டுல குண்டிக்காய் எங்க இருக்கும்?" என்றோம். "முதுகு ஓரமா, கொழுப்புக்குள்ள" என்றவர், தம் கையையே முதுகுக்குக் கொண்டுபோய் நிறுத்தினார். அங்கிருந்து ஒரு மெல்லிய குழல் முன்பக்கம் இறங்கி மூத்திரப் பைக்கு வருகிறது. கல் அந்தக் குழலில் சிக்கியதால் குழல் முறுக்கிக்கொண்டு வலிக்கிறது என்று விளக்கியபோது, வலி சென்ற வழிக்கே காரணம் கிடைத்துவிட்டது. எங்களுடன் வந்திருந்த கல்லூரி மாணவர் 'குண்டிக்காய்' என்றதும் சிரித்தார். சிரிக்க வேண்டியதில்லை, பழைய தமிழ் விவிலியத்தில் பலிப் பிராணியின் சிறுநீரகங்களுக்கு அதுவே சொல்.

பாடநூல் தமிழ் பயனற்றது என்று நாங்கள் கூறவரவில்லை. யாழ்ப்பாணத்து மானிப்பாயில் பணியாற்றிய அமெரிக்க மருத்துவர் சாமுவேல் ஃபிஸ்க் கிரீன், 19ஆம் நூற்றாண்டிலேயே மேலை மருத்துவத்தைத் தமிழில் கற்பித்தார். கிரேயின் உடற்கூற்று நூல் 1872இல் 'மனுஷ அங்காதிபாதம்' என்ற பெயரில் தமிழுக்கு வந்தது. மாணவர்கள் ஒரே உறுப்பை ஒரே பெயரால் சுட்ட வேண்டுமானால் வரையறுத்த சொல் தேவைதான். இன்றும் விழிப்புணர்வுச் சுவரொட்டியிலும் படிவங்களிலும் 'சிறுநீரகம்' என்றே அச்சிடுகிறார்கள். ஆகவே குண்டிக்காய் என்று விளங்கவைத்த பின், "காகிதத்துல இதைத்தான் சிறுநீரகம்னு போட்டிருப்பாங்க" என்று ஒருமுறை சொல்லிவிடுவோம். விளங்குவதற்கு ஒரு சொல், அடையாளம் காண்பதற்கு ஒரு சொல்.

சில இடங்களில் பாடநூல் சொல்லே இடறுகிறது. 'மார்பு எக்ஸ்-ரே' என்று ஒரு மூதாட்டியிடம் கூறினோம். அவர் முந்தானையை இழுத்து மூடிக்கொண்டு எழுந்துவிட்டார். ஏட்டுத் தமிழில் மார்பு என்பது நெஞ்சுப் பகுதி. அவருக்கோ அது பெண்ணின் மார்பகம். 'நெஞ்சுச் சளிக்குப் படம்' என்றிருந்தால் தீர்ந்தது. ஆனால் 'நெஞ்சு' என்ற சொல்லும் நோயாளியின் வாயிலிருந்து வரும்போது எச்சரிக்கை வேண்டும். 'நெஞ்சு எரியுது' என்பவரின் விரல் பல வேளைகளில் நெஞ்செலும்பு முடியும் நெஞ்சுக்குழியில் நிற்கும். அது வயிற்றுப் புளிப்பாகவும் இருக்கலாம், இதய நோயாகவும் இருக்கலாம். 'கேஸ் டிரபிள்' என்று நாமாக மொழிபெயர்ப்பதைவிட ஆபத்தான காரியம் வேறில்லை. விரல் நின்ற இடத்தைச் சொல்லிவிட்டு விலகிக்கொள்வதே நம் வேலை.

இனி, நம் வீட்டுப் பெண்கள் உச்சரிக்கக் கூசும் இடங்கள். இங்கே பேச்சுத் தமிழ் கைவிடுகிறது. அதிலுள்ள பெயர்கள் பலவும் வசைச் சொற்களாகிவிட்டன. 'பிறப்புறுப்பு' கண்ணியமான சொல். ஆயினும் எழுத்தறியாத முதியவர்களுக்கு எட்டாது. எனவே பெரும்பாலோர் 'கீழ' என்ற ஒற்றைச் சொல்லில் அடைக்கலம் புகுகிறார்கள். 'கீழ எரியுது' என்றால் மருத்துவருக்கு மூன்று வெவ்வேறு நோய்கள். ஹயா பேணவும் வேண்டும், பொருளும் தெளிய வேண்டும். நாங்கள் கண்ட வழி, உறுப்பின் பெயரை விட்டு அதன் செயலைக் கேட்பது: "ஒண்ணுக்குப் போற எடமா, புள்ள பொறக்குற எடமா, வெளிக்குப் போற எடமா?" பெண்ணிடம் பெண் மட்டுமே, திரைக்குப் பின்னால், தாழ்ந்த குரலில். இதுவரை இக்கேள்விக்கு முகம் சுளித்தவர் எவருமில்லை. சங்கடமெல்லாம், பெண்ணுக்கு ஆண் மொழிபெயர்க்க நேரும் நாட்களில்தான். அந்நாட்களில் மனித உருவம் வரைந்த தாளொன்றை நீட்டி, பேனாவால் குறியிடச் சொல்கிறோம். அது பாதி வேலையே செய்கிறது.

அந்த அம்மாவிடம் திரும்புவோம். அவ்வளவு சிறிய கல் பெரும்பாலும் தானே வெளியேறும் என்றார் மருத்துவர். குழாயைத் தளர்த்தும் மாத்திரை தந்து, நாளொன்றுக்குக் குறைந்தது 3 லிட்டர் தண்ணீர் குடிக்கச் சொன்னார். குளிர்காய்ச்சல் வந்தாலோ சிறுநீர் நின்றுபோனாலோ உடனே திரும்பி வர வேண்டும். கூறியவற்றை அவர் வாயாலேயே திருப்பிச் சொல்லச் சொன்னோம்; இது நாங்கள் பிந்திக் கற்ற பழக்கம். எல்லாவற்றையும் ஒப்பித்தவர் தண்ணீரில் தயங்கினார். "பாத்தியில நாள் பூரா வெயில்ல நிக்கிறோம். தண்ணி குடிச்சா எங்க ஒதுங்குறது?" என்றார். இதையும் அப்படியே ஆங்கிலத்தில் சொன்னோம். மருத்துவர் எழுதுவதை நிறுத்திவிட்டு, வேலை எத்தனை மணிக்குத் தொடங்கி எத்தனை மணிக்கு முடிகிறது என்று விசாரித்தார். வேலைக்குப் புறப்படுமுன்னும், திரும்பிய பின்னும், படுக்குமுன்னும் பங்கிட்டுக் குடிக்கும்படியும், தாகத்தை அடக்க வேண்டாம் என்றும் மாற்றிச் சொன்னார்.

பத்து நாள் கழித்து அவர் வீட்டு வாசலில் நின்றார். துணியில் வடிகட்டி எடுத்த கல்லை மடித்த காகிதத்திலிருந்து பிரித்துக் காட்டினார், மிளகளவுகூட இல்லை. "குண்டிக்காயில இன்னொண்ணு இருக்குதான்னு பாக்க மறுபடி படம் எடுக்கணுமாம். அந்தச் சீட்டுல என்ன பேரு போட்டிருக்குதுன்னு சொல்லு பாய், நானே கேட்டுக்கிறேன்" என்றார்.