ஒரே பில், இரண்டு நிதியாண்டு

பில்லைப் பார்த்து லெட்ஜரில் என்ட்ரி போடும்போது, பில் தேதி, கெடு தேதி, பில் காலம் மூன்றும் ஏற்கெனவே அச்சாகி வந்துவிடுகின்றன. அவற்றை அப்படியே எடுத்து எழுதினால் போதும். கணக்கர் முடிவு செய்ய வேண்டியது பதிவுத் தேதி ஒன்றைத்தான். ஒரு பில்லுக்கு ஒரே பதிவுத் தேதி என்று வைத்துக்கொள்வதில்தான் பிழை தொடங்குகிறது. தேதி பில்லுக்கு அல்ல, அதிலிருந்து பிறக்கும் ஒவ்வொரு வரிக்கும் உரியது. தமிழ்நாட்டில் ஒரு கடைக்கு இரு மாதத்துக்கு ஒருமுறை வரும் மின்கட்டணத்தை எடுத்துக்கொள்வோம். பிப்ரவரி 10-ல் ஒரு ரீடிங், ஏப்ரல் 10-ல் அடுத்தது. 59 நாளுக்கு 11,800 ரூபாய், கெடு ஏப்ரல் 30. பில் கணக்கரின் மேசைக்கு வருவது ஏப்ரல் 22 என்று கொள்வோம். மார்ச் 31 வரை ஓடியது 49 நாள். நாளுக்கு 200 ரூபாய் வீதம் 9,800 ரூபாய் பழைய ஆண்டின் செலவு. அதை மார்ச் 31 தேதியிட்டு, மின்கட்டணம் பற்று, செலவு பாக்கி வரவு என்று போட வேண்டும். ஏப்ரல் 10 தேதியில் அந்தப் பாக்கியை நேர்செய்து, மீதி 2,000 ரூபாயைப் புதிய ஆண்டின் செலவாக்கி, மின்வாரியத்துக்கு 11,800 வரவு வைக்க வேண்டும். கெடு தேதிக்கு எந்த என்ட்ரியும் கிடையாது. பில்வாரி விவரத்தில் அது நின்றால், எப்போது கட்டுவது என்று தெரியும். ஏப்ரல் 22-ஐ மென்பொருள் தானே குறித்துக்கொள்ளும்.

ஆண்டுக்கு ஆறு பில் வரத்தானே செய்கிறது, முன்னும் பின்னும் தள்ளிச் சமமாகிவிடாதா என்று கேட்பார்கள். கட்டணமும் பயன்பாடும் மாறாத கடையில் ஏறத்தாழ அப்படித்தான். தொகை சிறிதென்றால், வருடாவருடம் ஒரே முறையைக் கடைப்பிடிக்கும்வரை நானும் வற்புறுத்த மாட்டேன். ஆனால் தமிழ்நாட்டில் 2022, 2023, 2024 என்று தொடர்ந்து கட்டணம் மாறியது. நடுவில் ஒரு குளிர்சாதனப் பெட்டி கூடினாலும் போதும், இரண்டு முனைகளும் சமமாகாது. கடை திறந்த முதல் ஆண்டில் ஈடுகட்ட முந்தைய பில்லே இருக்காது. இன்னொரு வாதம் கனமானது: மார்ச் கணக்கு தணிக்கை முடிந்து மூடப்பட்ட பிறகு பழைய பில் வந்தால்? அப்போது மூடிய ஆண்டைத் திறக்கக் கூடாது. நடப்பு ஆண்டில், திறந்திருக்கும் தேதியில் போட்டு, எந்தக் காலத்துக்கானது என்பதை விவரக்குறிப்பில் எழுத வேண்டும். ஜி.எஸ்.டி. உள்ள பில்லில் பில் தேதிக்குத் தனி வேலை உண்டு. உள்ளீட்டு வரி வரவு எடுக்கும் கெடு, அந்த இன்வாய்ஸ் எந்த நிதியாண்டைச் சேர்ந்தது என்பதைப் பொறுத்தது. நாம் பதிந்த நாளைப் பொறுத்ததல்ல.

தேதி இடம் மாறியதைக் கண்டுபிடிப்பது கடினமல்ல. மின்கட்டண லெட்ஜரை மாதவாரியாக விரித்தால், இரு மாதத்துக்கு ஒன்றாக வர வேண்டிய என்ட்ரி ஒரு மாதம் தள்ளி நிற்கும். பெரும்பாலும், பில்லில் தடித்த எழுத்தில் இருக்கும் கெடு தேதியைப் பில் தேதியாக எடுத்ததுதான் காரணமாக இருக்கும். மார்ச் கணக்கை மூடுமுன் ஏப்ரல், மே பில்களின் பில் காலத்தை மட்டுமாவது ஒருமுறை படித்துவிடுங்கள்.