பாதையும் பாலமும்

இண்டைக்கு அம்மா அப்பாவுக்குக் கலியாணம் நடந்து 25 வருசம். "வெக்கப்படுற கதை ஒண்டும் எழுதப்படாது" என்று அம்மா முதலே சொல்லிப்போட்டா. அதனால் தங்கச்சியும் நானும் சேர்ந்து தயிர்ச்சட்டிக் கதையை மட்டும் எழுதுகிறோம்.

அப்பா படுவான்கரை, அம்மா எழுவான்கரை. நடுவில் மட்டக்களப்பு வாவி. இங்கே வீடு பெண்பிள்ளைக்குத்தான். ஊர் வழமைப்படி 2000ஆம் ஆண்டு அப்பா வாவியைக் கடந்து அம்மா வீட்டுக்கு வந்தார். அப்பம்மா அக்கரையில் தனியே இருந்தா.

அப்போது மண்முனைத்துறையில் பாலம் இல்லை. மோட்டார் சைக்கிளையும் ஏத்திக்கொண்டு பாதையில்தான் போகவேண்டும். சண்டைக் காலம். சோதனைச் சாவடியில் இறங்கி அடையாள அட்டை காட்டி, பையைத் திறந்து காட்டி, மறுகா பாதைக்குக் காத்திருக்கவேண்டும். ஆனாலும் "நீங்க மட்டும் போயிட்டு வாங்க" என்று அம்மா ஒருநாளும் சொன்னதில்லை. வரும்போது அப்பம்மா தந்த எருமைத் தயிர்ச்சட்டி அம்மாவின் மடியில் இருக்கும். எங்களுக்கு அப்பாவின் கை.

2014இல் பாலம் திறந்தார்கள். இப்போது சில நிமிசத்தில் அக்கரை. அப்பம்மா இல்லை. இருந்தும் ஞாயிற்றுக்கிழமைகளில் இருவரும் போய், அந்த வளவைக் கூட்டி, விளக்கு வைத்துவிட்டு வருகிறார்கள். தயிர்ச்சட்டியைக் கடையில் வாங்குகிறார்கள். பிடிப்பது இப்போதும் அம்மாதான்.

அம்மா, அப்பா, அடுத்த ஞாயிறு நாங்களும் வாறம்.