மூன்று, மூன்று, மூன்று

எதுகை மோனையை விட்டுப் பல வருஷங்களாகின்றன. நண்பர் ஒருவர் வாசகசாலை மாடியில் ஞாயிறுதோறும் சிறுவர்களுக்குப் புரோகிராம் எழுதக் கற்றுத்தருகிறார். லூப் என்பதையும் நிபந்தனை என்பதையும் விளக்க ஒரு பாட்டு வேண்டும் என்றார். திரும்பத் திரும்ப வருவது தானே, சந்தம் பார்த்துக்கொள்ளும் என்று எழுதிக் கொடுத்தேன்:

தட்டில் இட்லி ஐந்து
இட்லி இருக்கும் வரைக்கும்
    மேலே உள்ளதைப் பாரு
    கருகல் என்றால் முகம் சுளி
    நல்லது என்றால் எடுத்துத் தின்னு
காலித் தட்டைக் கழுவு

உள்ளே தள்ளிய வரிகள் மூன்றும் திரும்பத் திரும்ப நடக்க வேண்டியவை. கடைசி வரி ஓரத்தில் நிற்பதால் ஒரே ஒரு முறை. புதுக்கவிதையில் வரியை உள்ளே தள்ளுவது கண்ணுக்காக. பைதான் மொழியில் அந்த வெற்றிடமே அர்த்தம்.

ஒரு சிறுமி இயந்திரமாக நின்றாள். ஒன்றின்மேல் ஒன்றாக ஐந்து இட்லி. நடுவில் இருந்தது கருகல். ஒவ்வொரு சுற்று முடிந்ததும் மிச்சத்தைக் கரும்பலகையில் எழுத ஒரு பையன். முதல் இரண்டையும் தின்றாள். பிறகு, பாரு, சுளி, பாரு, சுளி. வகுப்பே கைதட்டிச் சேர்ந்துகொண்டது. நானும் தாளம் போட்டேன். பலகையில் 4, 3, 3, 3, 3.

"சார், இன்னும் எழுதணுமா?" என்றான் பையன்.

கருகலைப் பார்த்து முகம் சுளித்தேனே தவிர, தட்டிலிருந்து எடுக்கச் சொல்லவில்லை. எடுப்பது தின்னும் கிளையில் மட்டும் இருந்தது. இட்லி இருக்கிறதா என்ற கேள்விக்கு எப்போதும் ஆம் என்றே பதில். தட்டு ஒருநாளும் காலியாகாது. மேலே உள்ள இரண்டும் நல்லதாக இருந்ததால் தொடக்கத்தில் சரியாக நடப்பது போலவே தோன்றியது. காது இதைக் கண்டுபிடிக்கவில்லை. நின்றுபோன எண்தான் காட்டிக்கொடுத்தது. சந்தம் தடையில்லாமல் ஓடியதே பிழையை மறைத்துவிட்டது.

எடுப்பதைக் கேள்விக்கு முன்னால் கொண்டுவந்தேன். நண்பர் அதை அப்படியே திரையில் எழுதினார்:

```python
தட்டு = ["நல்லது", "நல்லது", "கருகல்", "நல்லது", "நல்லது"]
while தட்டு:
    இட்லி = தட்டு.pop()
    if இட்லி == "கருகல்":
        print("சீ")
    else:
        print("தின்றேன்")
print("கழுவு")
```

`pop` மேலே உள்ளதை எடுத்துவிடுகிறது. அதன் பிறகு தின்றாலும் சுளித்தாலும் சுற்றுக்கு ஒன்று குறைந்தே தீரும்.

பாட்டில் மூன்றாம் வரி "மேலே உள்ளதை எடு" என்றானது. "பாரு" இரண்டு அசை, "எடு" ஒன்றே, வரி நொண்டியது. "எடுத்துக்கோ" என்று நிரப்பலாம் என்றார் நண்பர். வேண்டாம் என்றேன். குழந்தைகளின் குரல் அந்த வரியில் மட்டும் இடறியது. தட்டு மாறுகிற இடமும் அதுதான்.

பலகையில் 4, 3, 2, 1, 0. சிறுமி "கழுவு" என்று ஒரே முறை சொல்லிவிட்டு உட்கார்ந்தாள்.