பேருந்தில் கேட்ட குறை

பாலக்காட்டிலிருந்து பொள்ளாச்சி, உடுமலை, மறையூர் வழியாக மூணாறு சேர்வதற்குள் ஒரு பகல் கழிந்துவிடும். அவ்வழியே மைத்துனர் இல்லத்திற்குச் சென்றபோது, சின்னாறு தாண்டியதும் முன்னிருக்கை முதியவர் தம் அருகிலிருந்தவரிடம் புலம்பலானார்.

"நம்ம காய் அறுபது கிலோதான். உலர்த்தக் கொண்டுபோனா, பெரிய தோட்டத்துக் காய் முடியட்டும்னு ரெண்டு நாள் போட்டு வைக்கிறாங்க. பச்சையே போயிடுது."

ஏலக்காயைப் பறித்த ஒரு நாளுக்குள் சூட்டறையில் ஏற்றிவிட வேண்டும். தாமதித்தால் நிறம் வெளுக்கும். சந்தையிலோ பசுமைக்கே விலை. அவசரப்பட்டுச் சூட்டைக் கூட்டினால் தோல் வெடிக்கும். ஐம்பது பாகை அளவில், ஏறக்குறைய ஒரு பகலும் ஓர் இரவும் பொறுத்திருக்க வேண்டும்.

சிறு விவசாயிக்கென்றே ஒரு சிறு சூட்டறை அமைத்து, அவரவர் காயைத் தனித்தனித் தட்டில் உலர்த்தி, பச்சைக்காயின் எடைக்குக் கூலி வாங்கினால் என்ன? மத்திய அரசு எழுத்தனாகிய நான் வாணிபம் செய்ய விதி இடம் தராது. ஆகவே யோசனையை மைத்துனரிடம் ஒப்படைத்தேன்.

அவர் அறையைக் கட்டினார். முதல் மாதம் நட்டமே; தட்டுகள் பாதி காலியாக இருந்தாலும் விறகு குறைவதில்லையே! பின்னர் அண்டைத் தோட்டத்தார் நால்வரை ஒரே நாளில் பறிக்க இசையவைத்தார். அதன்பின்னரே கணக்கு நேரானது.

அம்முதியவரும் வந்தார். அறுபது கிலோ, பன்னிரண்டாக இறங்கியது. ஒரு பிடி அள்ளிக் காதருகே குலுக்கினார். உள்ளே விதைகள் கலகலத்தன. கூலியை எண்ணி வைத்துவிட்டு, அடுத்த பறிப்பு என்றைக்கு என்று கேட்டார்.