சாமை, மிளகு, ஒரு பிரீஃப்

நாமக்கல் மாவட்டத்தில் கொல்லிமலைக்கு அடிவாரத்தில் இருக்கும் ஊர் காளப்பநாயக்கன்பட்டி. இதைத் தாண்டி காரவள்ளி வந்தால் எழுபது கொண்டை ஊசி வளைவு மலைப்பாதை ஆரம்பம். மலையில் விளையும் மிளகும் சாமையும் இறங்கி வருகிற வழியும் இதுதான்.

இந்த ஊரில் பத்துப் பெண்கள் சேர்ந்து ஒரு சின்னக் குழு நடத்துவதாக வைத்துக்கொள்வோம். மலையிலிருந்து சாமை வாங்கி, மில்லில் உமி நீக்கி, கல் பொறுக்கி, பாக்கெட் போடுகிறார்கள். கூடவே மிளகும் உண்டு. இந்தப் பொங்கலுக்கு சென்னையில் விற்றுப் பார்க்கலாம் என்று ஆசை. விளம்பரம் எழுத ஒரு ஃப்ரீலான்ஸ் காப்பிரைட்டரைப் பிடிக்கிறார்கள். அவருக்குப் போகும் செய்தி இதுதான்: "சார், பொங்கலுக்கு சாமையும் மிளகும் விக்கறோம். நல்லா நச்சுனு எழுதிக் குடுங்க சார்."

இரண்டு நாளில் பதில் வருகிறது.

"மூடுபனி தவழும் கொல்லிமலையில், பழங்குடித் தாய்மார்கள் உலக்கையால் குத்திய நூறு சதவீத இயற்கைச் சாமை! கூடவே புது அறுவடை மிளகு இலவசம்! சர்க்கரை நோய்க்கு இனி குட்பை!"

படிக்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் எண்ணிப் பார்த்தால் ஆறு இடத்தில் தப்பு. பாக்கெட் போடுவது அடிவாரத்துக் குழு, மலைவாழ் தாய்மார்கள் அல்ல. உமி நீக்கியது மில், உலக்கை அல்ல. 'இயற்கை' என்பதற்குச் சான்றிதழ் இல்லை. மிளகு போன வருஷத்துது. இலவசமும் இல்லை. கடைசி வரி சட்டப்படியே தப்பு.

எழுதியவர் பொய் சொல்ல நினைத்தவர் இல்லை. அவருக்கு யாரும் எதுவும் சொல்லவில்லை. காலியாக இருந்த இடங்களை மற்ற பாக்கெட்டுகளில் பார்த்த வார்த்தைகளால் நிரப்பிவிட்டார். பிரீஃப் என்ற இரண்டு பக்கக் காகிதம் இருப்பதே அந்தக் காலி இடங்களை விற்பவரே நிரப்பத்தான். அதே குழு அதை எப்படி எழுதியிருக்கலாம் என்று பார்ப்போம்.

யாருக்கு?

"எல்லாருக்கும்" என்று எழுதினால் யாருக்கும் இல்லை என்று அர்த்தம். கொல்லிமலைக்குச் சுற்றுலா வந்து, திரும்பும்போது மிளகு வாங்கிப் போகிறவர் ஒருவர். அவருக்கு மலையைத் தெரியும், விலைதான் கேட்பார். சென்னையில் வேலைக்குப் போய்க்கொண்டே சமைக்கும் ஒரு பெண் இன்னொருவர். ஐ.நா. சபை 2023ஐ சிறுதானிய ஆண்டாக அறிவித்தபோது ஊரெல்லாம் பேசினார்களே, அப்போது ஒரு பாக்கெட் வாங்கியிருப்பார். அரிசிக்கு வைக்கிற கணக்கில் தண்ணீர் வைத்தோ, கல் கடித்தோ, அதோடு விட்டிருப்பார். இருவருக்கும் ஒரே விளம்பரம் எழுத முடியாது.

குழு இரண்டாமவரைத் தேர்வு செய்கிறது. பிரீஃபில் இப்படி எழுதலாம்: "சாமை நல்லது என்று இவருக்கு ஏற்கெனவே தெரியும். அதை மறுபடி சொல்ல வேண்டாம். இவருடைய பயம், சமைத்தால் சரியாக வராது என்பது. அதைப் போக்கினால் போதும். உதிரியான சோற்றுக்கு ஒரு பங்கு சாமைக்கு இரண்டரைப் பங்கு தண்ணீர். வெண்பொங்கலுக்குக் குழைய வேண்டும் என்பதால் கூடுதலாக வைக்க வேண்டும். கல் பொறுக்கித்தான் அனுப்புகிறோம்." இந்த ஐந்தாறு வரி இருந்தால் காப்பிரைட்டர் மூடுபனியைத் தேடிப் போக மாட்டார்.

என்ன தருகிறோம்?

ஒரு கிலோ சாமை 130 ரூபாய், நூறு கிராம் மிளகு 120 ரூபாய் என்று கணக்குக்காக வைத்துக்கொள்வோம். தனித்தனியாக வாங்கினால் 250. சேர்த்து வாங்கினால் 220. இதை "முப்பது ரூபாய் குறைவு" என்று சொல்லலாம். "மிளகு இலவசம்" என்று சொல்லக் கூடாது. தொகுப்பின் விலைக்குள் அடங்கிய ஒரு பொருளை இலவசம் என்று காட்டுவது, தவறான விளம்பரங்களைத் தடுக்க மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022இல் கொண்டுவந்த வழிகாட்டு விதிகளுக்கு எதிரானது. சாமை மட்டும் வாங்கினால் 130 எனும்போது, 220 கொடுப்பவர் மிளகுக்கும் சேர்த்துத்தானே கொடுக்கிறார்?

அதே விதிகள் இன்னொன்றும் சொல்கின்றன. அறிவித்த விலையில் விற்கப் போதுமான சரக்கு இருக்க வேண்டும். குறைவாகத்தான் இருக்கிறது என்றால் அதை விளம்பரத்திலேயே சொல்ல வேண்டும். குழுவிடம் இருப்பது முந்நூறு பாக்கெட்டுக்கான சரக்கு. ஆகவே பிரீஃபில் மூன்று வரி: "மொத்தம் 300 தொகுப்பு. தீர்ந்தால் தீர்ந்தது. கூரியர் கட்டணம் தனி." இதில் மறைத்து வைக்க ஒன்றும் இல்லை. 300தான் என்பது உண்மை என்பதால் அதுவே நல்ல விளம்பர வரியாகவும் ஆகிவிடும்.

எந்தக் குரலில்?

"கொஞ்சம் எமோஷனலா, கொஞ்சம் மாடர்னா" என்று எழுதினால் எழுதுபவருக்கு ஒன்றும் புரியாது. இப்படி ஒரு வாக்கியம், இப்படி வேண்டாம் என்று ஒரு வாக்கியம், இரண்டும் கொடுத்தால் புரிந்துவிடும்.

வேண்டியது: "மார்கழிக் காலையில் சாமை வெண்பொங்கல். தண்ணீர் அளவு பாக்கெட்டின் பின்னால் இருக்கிறது."
வேண்டாதது: "மலையன்னையின் மடியிலிருந்து ஓர் அமுதம்!"

பக்கத்து வீட்டு அக்கா சமையல் குறிப்பு சொல்கிற குரல் என்று ஒரு வரி சேர்த்துக்கொள்ளலாம். ஆச்சரியக்குறி ஒன்றுக்கு மேல் வேண்டாம் என்றும்.

எப்போது?

தேதிகளைப் பொங்கலிலிருந்து பின்னால் எண்ண வேண்டும். தை முதல் நாள் ஜனவரி 14 அல்லது 15இல் வரும். பொங்கல் வாரத்தில் பார்சல் ஆபீஸ்கள் நிரம்பி வழியும். அதனால் ஜனவரி 7 கடைசி ஆர்டர் நாள். மார்கழி பிறப்பது டிசம்பர் 16 வாக்கில். மார்கழி என்றாலே வெண்பொங்கல் என்பதால் விளம்பரம் அன்றே தொடங்கலாம். அப்படியானால் இறுதி வடிவம் டிசம்பர் 10, முதல் வரைவு டிசம்பர் 3, பிரீஃப் அவர் கையில் நவம்பர் 26. நடுவே இரண்டு முறை திருத்தம். அதற்கு மேல் கேட்டால் தனிக் கூலி என்று முதலிலேயே பேசிவிட்டால் சண்டை வராது. ஜனவரி 8ஆம் தேதி காலை விளம்பரத்தை எடுத்துவிட வேண்டும் என்பதும் ஒரு தேதிதான். அதைப் பலரும் மறப்பார்கள். அப்புறம் பொங்கலுக்கு வந்து சேராத பார்சலுக்குத் திட்டு வாங்குவார்கள்.

மிளகு விஷயமும் இங்கேதான் வருகிறது. மலைப்பகுதிகளில் மிளகு அறுவடை பெரும்பாலும் பொங்கலை ஒட்டித் தொடங்கி மார்ச் வரை போகும். பறித்து, காம்பு நீக்கி, வெயிலில் காயவைத்து பாக்கெட்டுக்கு வர இன்னும் நாளாகும். எனவே டிசம்பரில் விற்கிற மிளகு முந்தைய பருவத்துது. நன்றாகக் காய்ந்த மிளகு ஒரு வருஷத்தில் கெட்டுப்போகாது, அதனால் வெட்கப்பட ஒன்றும் இல்லை. ஆனால் "புது அறுவடை" என்று எழுதினால் அது பொய். சென்னையில் உட்கார்ந்து எழுதுபவருக்கு இது தெரிய வாய்ப்பே இல்லை. விற்பவர்தான் சொல்ல வேண்டும்.

எந்த வார்த்தை கூடாது?

பல பிரீஃபுகளில் இந்தப் பகுதியே இருக்காது. இருந்தாலும் வெறும் பட்டியலாக இருக்கும். காரணம் சொல்லாத பட்டியலுக்கு எழுதுபவர் வேறு வழி கண்டுபிடித்துவிடுவார்: 'குணமாக்கும்' கூடாது என்றால் 'விரட்டும்' என்று எழுதுவார். ஆகவே ஒவ்வொரு வார்த்தைக்கும் காரணமும் மாற்றும் வேண்டும்.

'சர்க்கரை நோய்': முதலில் நிற்பது இது. 1954ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் மாய நிவாரணங்கள் சட்டம், எந்தெந்த நோய்களுக்கு மருந்து என்று விளம்பரம் செய்யக் கூடாது என்று ஒரு பட்டியலே வைத்திருக்கிறது. அதில் சர்க்கரை நோய் உண்டு. உணவு விளம்பரங்களுக்கென்று 2018இல் வந்த விதிகளும், உணவுப் பொருள் ஒரு நோயைத் தடுக்கும், தீர்க்கும் என்று சொல்வதைத் தடுக்கின்றன. உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் தவறான விளம்பரத்துக்குப் பத்து லட்சம் ரூபாய் வரை அபராதம் இருக்கிறது. முந்நூறு தொகுப்பும் விற்றால்கூட வருவது 66,000 ரூபாய்! மாற்று: நோயின் பெயரே வேண்டாம், சமையலைப் பற்றி மட்டும் பேசுங்கள்.

'இயற்கை': தமிழில் இதற்கு ஒரு தனிச் சிக்கல். ஆங்கிலத்தில் 'நேச்சுரல்' வேறு, 'ஆர்கானிக்' வேறு. தமிழ் வாசகருக்கு 'இயற்கைச் சாமை' என்றால் ரசாயனம் போடாமல் விளைந்தது என்றுதான் படும். கடைச் சரக்கை ஆர்கானிக் என்று விற்க உரிய சான்றிதழ் முறை இருக்கிறது. குழுவிடம் அது இல்லை. மாற்று: "சாமை மட்டும். வேறெதுவும் சேர்க்கவில்லை."

'உலக்கையால் குத்திய', 'பாரம்பரிய முறையில்': மில்லில் உமி நீக்கிய சாமைக்கு இரண்டும் பொருந்தாது. மலைப் பெண்கள் காலங்காலமாகக் குத்தித்தான் சாமை எடுத்தார்கள். அந்த உழைப்பு குறையட்டும் என்றுதான் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் போன்றவை அங்கே அரவை இயந்திரங்களைக் கொண்டுபோயின. இயந்திரம் வந்தது நல்ல செய்தி, அதை ஏன் மறைக்க வேண்டும்? மாற்று: "மில்லில் உமி நீக்கி, கையால் கல் பொறுக்கியது."

'பழங்குடித் தாய்மார்கள்': விளைவித்தவர்கள் வேறு, பாக்கெட் போட்டவர்கள் வேறு. அடுத்தவர் அடையாளத்தை லேபிளில் ஒட்டக் கூடாது. கொல்லிமலை மக்களின் சமூகப் பெயர் மலையாளி. அதை விளக்கமில்லாமல் போட்டால் சென்னை வாசகர் கேரளா என்று நினைப்பார். மாற்று: "கொல்லிமலை விவசாயிகளிடம் வாங்கி, காளப்பநாயக்கன்பட்டியில் பாக்கெட் செய்தது." கொல்லிமலை என்ற பெயரையும் மலையில் வாங்கிய சரக்குக்கு மட்டும்தான் போடலாம்.

இப்படி ஒரு பிரீஃப் போனால் திரும்பி வரும் வரைவு ஏறக்குறைய இப்படி இருக்கும்:

"இந்த மார்கழியில் சாமை வெண்பொங்கல் செய்து பாருங்கள். கல் பொறுக்கிய கொல்லிமலைச் சாமை ஒரு கிலோ, மிளகு நூறு கிராம், சேர்த்து 220 ரூபாய். கூரியர் தனி. தண்ணீர் அளவு பாக்கெட்டிலேயே இருக்கிறது. 300 தொகுப்புதான். ஜனவரி 7 கடைசி நாள்."

வரைவு வந்ததும் செய்ய வேண்டியது ஒன்று. ஒரு பேனாவை எடுத்து, பொருளைப் பற்றி எதையாவது உறுதியாகச் சொல்லும் ஒவ்வொரு சொல்லுக்கும் கீழே கோடு போட்டு, அதற்கு ஆதாரம் எது என்று பக்கத்தில் எழுத வேண்டும்: கொள்முதல் ரசீது, மில் பில், எடை, தேதி. முதல் வரைவில் கோடு போட்டால் ஆறு இடத்தில் பக்கம் காலியாக இருக்கும். இரண்டாவதில் ஒவ்வொன்றுக்கும் ஒரு காகிதம் கிடைக்கும். நச்சென்று இல்லை என்று குழுவில் யாராவது குறைப்படலாம். ஆனால் பாக்கெட்டைப் பிரித்துச் சமைக்கிறவருக்கு அதில் சொன்னது எல்லாம் அப்படியே இருக்கும். அடுத்த பொங்கலுக்கு அவரே போன் செய்வார்.